STM32F4 டிஸ்கவரி போர்டில் எந்தப் பின் காலி? ஸ்கீமாட்டிக்கைப் படித்துக் கண்டுபிடித்த விதம்

குளிர்பதன வண்டி ஒன்றுக்கு வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்யும் வேலை வந்தது. பெட்டிக்குள் இருக்கும் குளிரைத் தெர்மிஸ்டரால் அளக்க வேண்டும், வண்டி எங்கே நிற்கிறது என்று ஜிபிஎஸ் மாட்யூலிடம் கேட்க வேண்டும், நேரத்துக்கு DS3231, பதிவுக்கு எஸ்டி கார்டு, கூடவே லேப்டாப்பில் பார்க்க ஒரு டிபக் போர்ட். கையில் இருந்தது STM32F4DISCOVERY. 2011-இல் வந்த பழைய போர்டு, ஆனால் இன்னும் பல லேபுகளில் அலமாரியில் கிடக்கும். எனக்கு அது புதிது. அதற்கு முன்னால் நான் வேலை செய்த போர்டுகளில் மைக்ரோகண்ட்ரோலரும் ஒரு எல்ஈடியும் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை, அதனால் எந்தப் பின்னை எடுத்தாலும் வேலை செய்யும். இதில் அப்படியில்லை. ஆக்சிலரோமீட்டர், ஆடியோ சிப், மைக், யூஎஸ்பி சாக்கெட், நான்கு எல்ஈடி, ஒரு பட்டன் என்று போர்டுக்குள்ளேயே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் இருக்கும் ஹெடரைப் பார்த்தால் அது தெரியாது. PA9-உம் PD8-உம் ஒரே மாதிரிதான் நீட்டிக்கொண்டு நிற்கும். ஹெடருக்கு வந்திருக்கிறது என்பதால் அந்தப் பின் நமக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பயனர் கையேடு UM1472-இல் ஒரு நீண்ட பின் அட்டவணை இருக்கிறது. எந்தப் பின் எந்த உறுப்புக்குப் போகிறது என்று அதில் போட்டிருப்பார்கள். பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது பாதி விடைதான். அட்டவணை யாரோடு இணைந்திருக்கிறது என்று சொல்லும், எப்படி இணைந்திருக்கிறது என்று சொல்லாது. வழியில் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறதா, ஒரு கெபாசிட்டர் தொங்குகிறதா, மறுமுனையில் இருப்பது நம் பின்னைக் கேட்கிறதா அல்லது அதுவே கம்பியை ஓட்டுகிறதா, இதெல்லாம் ஸ்கீமாட்டிக்கில்தான் தெரியும். ஒரு பின் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதை இந்த விவரம்தான் தீர்மானிக்கிறது.

ஸ்கீமாட்டிக் பிடிஎஃப்பைத் திறப்பதற்கு முன்னால் போர்டில் அச்சிட்டிருக்கும் MB997 என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் ரிவிஷன். இந்தப் போர்டின் முந்தைய பதிப்புகளில் ஆக்சிலரோமீட்டர் LIS302DL, பிந்தியவற்றில் LIS3DSH. பின்கள் பெரும்பாலும் அதேதான், ஆனாலும் கையில் இருக்கும் போர்டுக்கு உரிய தாளை வைத்துப் படிப்பதே நல்லது.

அப்புறம் தேடல். பிடிஎஃப்பில் Ctrl+F போட்டு PC0 என்று தேடினால் மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும் தாளில் அது கிடைக்கும். அங்கிருந்து கோடு ஒன்று கிளம்பி ஒரு பெயரில் போய் முடியும். அந்தப் பெயர் `OTG_FS_PowerSwitchOn`. அடுத்த தாளில் PC0 என்ற எழுத்தே இருக்காது, இந்தப் பெயர் மட்டும்தான் இருக்கும். ஒரு கம்பிக்கு ஒரு தாளில் ஒரு பெயர், மறு தாளில் இன்னொரு பெயர். முதல் பெயரை மட்டும் தேடிவிட்டு இது எங்கும் போகவில்லை என்று முடிவு செய்தால் சிக்கல். இரண்டாவது பெயரையும் எடுத்துத் தேடி, கோடு ஒரு சிப்பிலோ கனெக்டரிலோ ரெசிஸ்டரிலோ போய் முட்டும் வரை விடாமல் பின்தொடர வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தொல்லை, PC1 என்று தேடினால் PC10, PC11, PC12 எல்லாம் சேர்ந்து வரும். நான் ஒரு தாளில் வரிசையாகப் பின்களை எழுதி, பக்கத்தில் மூன்று விஷயம் மட்டும் குறித்துக்கொண்டேன்: மறுமுனையில் யார், அவர் ஓட்டுகிறாரா கேட்கிறாரா, வழியில் என்ன தொங்குகிறது.

இந்த மூன்றில் நடுவில் இருப்பது முக்கியம். உதாரணமாக PC7, PC10, PC12, PA4 நான்கும் ஆடியோ சிப் CS43L22-க்குப் போகின்றன. அட்டவணையைப் பார்த்தால் நான்கும் போய்விட்டன என்று தோன்றும். ஆனால் ஒலித் தரவைப் பெறும் வேலையில் அந்தச் சிப்புக்கு அந்த நான்கும் உள்ளீடு. கடிகாரத்தையும் தரவையும் நாம் அனுப்ப வேண்டும், அது கேட்கும். நாம் ஒலியே பயன்படுத்தவில்லை என்றால், அதன் ரீசெட் பின்னான PD4-ஐக் கீழே பிடித்து வைத்துவிட்டால் அது எதுவும் செய்யாமல் கிடக்கும். அந்தப் பின்களை ஓரளவு நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். அதே தாளில் PE0, PE1 இரண்டையும் பாருங்கள். அவை ஆக்சிலரோமீட்டரின் இண்டரப்ட் வெளியீடுகள். அங்கே சென்சார் கம்பியை ஓட்டுகிறது. நாம் PE1-ஐ வெளியீடாக்கி மேலே தூக்கினால், அது கீழே இழுத்துக்கொண்டிருக்கும், இரண்டு வெளியீடுகள் மோதும். அட்டவணையில் இரண்டு வகையும் ஒரே மாதிரி ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஸ்கீமாட்டிக்கில் சிப்பின் படத்தில் இருக்கும் பின் பெயரைப் படித்து, அதன் டேட்டாஷீட்டில் அது உள்ளீடா வெளியீடா என்று ஒரு தடவை பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு சீரியல் போர்ட் வேண்டும். சேர்ந்து வேலை செய்த தம்பி USART1-ஐ எடுத்து, PA9, PA10 இரண்டிலும் இணைத்திருந்தான். அது இயல்பான தேர்வுதான், பாதி எடுத்துக்காட்டுகள் அந்தப் பின்களில்தான் தொடங்குகின்றன. "அண்ணா, புரோகிராம் சரியாத்தான் இருக்கு, ஜிபிஎஸ் அனுப்புறது வருது, நான் அனுப்புற கமாண்ட் மட்டும் அதுக்குப் போய்ச் சேரவே மாட்டேங்குது" என்றான். வரும் பக்கம் சரி, போகும் பக்கம் மட்டும் செத்துக் கிடக்கிறது என்பதே நல்ல தடயம், ஏனென்றால் நிரலில் பாட் ரேட் தப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் கெட்டிருக்கும்.

யூஎஸ்பி தாளைத் திறந்து PA9-ஐப் பின்தொடர்ந்தோம். அது யூஎஸ்பி சாக்கெட்டின் VBUS கம்பிக்கு நேராகப் போகிறது. 5 வோல்ட் வந்திருக்கிறதா என்று மைக்ரோகண்ட்ரோலர் பார்ப்பதற்காக அந்த இணைப்பு. VBUS கம்பியில் வழக்கமாகச் சில மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று தரைக்குத் தொங்கும். இங்கே 4.7 மைக்ரோஃபாரட். இப்போது கணக்கு போடுங்கள். 115200 வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 8.7 மைக்ரோ நொடி. பின்னின் உள் ரெசிஸ்டன்ஸ் 50 ஓம் என்று வைத்தால்கூட, அந்தக் கெபாசிட்டரை நிரப்ப நேர மாறிலி 235 மைக்ரோ நொடி. ஒரு பிட் ஏறுவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பிட்டுகள் கடந்துபோயிருக்கும். ஜிபிஎஸ்ஸின் வழக்கமான 9600 வேகத்திலும் ஒரு பிட் 104 மைக்ரோ நொடிதான், அதுவும் போதாது. ஆசிலோஸ்கோப் வைத்தால் சதுர அலைக்குப் பதில் நடுவில் சோம்பிக் கிடக்கும் ஒரு நெளிவு தெரியும். PA10 அதே சாக்கெட்டின் ID பின்னுக்குப் போகிறது, அங்கே கெபாசிட்டர் சுமை இல்லை, கேபிள் செருகாத வரை தொந்தரவும் இல்லை. அதனால்தான் வரும் பக்கம் மட்டும் வேலை செய்தது.

அந்தக் கெபாசிட்டரைக் கழற்றிவிடலாம் என்று தம்பி சொன்னான். செய்யலாம், ஆனால் நாளைக்கு இந்தப் போர்டு வேறு யார் கைக்காவது போகும்போது அவருக்கு அது தெரியாது. வேறு பின் இருக்கும்போது போர்டில் கை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. USART2 நம் தாளில் PA2, PA3 என்ற இரண்டு பின்களில் கிடைக்கிறது. அவை இரண்டும் மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து ஹெடருக்கு மட்டும் போகின்றன, வேறு யாரும் இல்லை. அதே USART2-க்கு PD5, PD6 என்றொரு ஜோடியும் உண்டு. அதை எடுத்திருந்தால் PD5-இல் மாட்டியிருப்போம், அது யூஎஸ்பி பவர் சுவிட்ச் அதிகக் கரண்ட் போகிறது என்று சொல்லும் கம்பி, கூடவே ஒரு சிவப்பு எல்ஈடியும் அதில் இருக்கிறது. ஒரே பெரிஃபெரலுக்கு இரண்டு ஜோடி இருக்கும்போது எந்த ஜோடி காலி என்று பார்ப்பதுதான் பாதி வேலை. மைக்ரோகண்ட்ரோலரின் டேட்டாஷீட்டில் ஆல்டர்நேட் ஃபங்ஷன் அட்டவணையை ஒரு பக்கமும் ஸ்கீமாட்டிக் குறிப்பை மறு பக்கமும் வைத்துக்கொண்டு இரண்டிலும் தேறுகிற ஜோடியைத்தான் எடுக்க வேண்டும். டிபக் போர்ட்டுக்கு இதே முறையில் USART3-ஐப் பார்த்தோம். PB10, PB11 ஜோடியில் PB10 மைக்கின் கடிகாரம், PC10, PC11 ஜோடியில் PC10 ஆடியோ, PD8, PD9 மட்டும் சுத்தமாக இருந்தது. அதை எடுத்தோம்.

தெர்மிஸ்டருக்கு ஒரு ஏடிசி பின் வேண்டும். PC0 ஏடிசியில் 10-ஆவது சேனல், ஹெடரில் ஓரமாக வசதியான இடத்தில் இருக்கிறது, அதனால் கை முதலில் அங்கேதான் போகும். ஏற்கெனவே சொன்ன `OTG_FS_PowerSwitchOn` நினைவிருக்கட்டும். அந்தப் பெயரைப் பின்தொடர்ந்தால் யூஎஸ்பிக்கு 5 வோல்ட் கொடுக்கும் STMPS2141 என்ற சுவிட்சின் எனேபிள் பின்னில் முடிகிறது. கீழே இழுத்தால்தான் அந்தச் சுவிட்ச் இயங்கும். அதனால் தற்செயலாக இயங்கிவிடக் கூடாது என்று ஒரு புல்-அப் ரெசிஸ்டரும் போட்டிருக்கிறார்கள். அது 10K என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நம் சுற்று 10K நிலையான ரெசிஸ்டர் மேலே, 10K தெர்மிஸ்டர் கீழே. இந்தப் போர்டில் மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகும் சப்ளை சுமார் 3 வோல்ட். 25 டிகிரியில் நடுவில் 1.5 வோல்ட் வர வேண்டும். ஆனால் போர்டின் புல்-அப்பும் மேல் ரெசிஸ்டரோடு இணையாகச் சேர்ந்துவிடும், மேலே 10K என்பது 5K ஆகிவிடும், நடுவில் வருவது 2 வோல்ட். நிரலுக்கு அந்த ரகசியம் தெரியாது. அது 2 வோல்ட்டைப் பார்த்து, தெர்மிஸ்டர் 20K என்று கணக்கிடும். B மதிப்பு 3950 உள்ள தெர்மிஸ்டரில் 20K என்றால் சுமார் 10 டிகிரி. அறை 25 டிகிரியில் இருக்கும்போது திரையில் 10 என்று வரும். இது மோசமான வகைப் பிழை, ஏனென்றால் எண் நம்பும்படியாக இருக்கும், கையால் தொட்டால் நகரும், சூடாக்கினால் ஏறும். குளிர்பதன வண்டியில் பாலோ மருந்தோ கெட்டுக்கொண்டிருக்கும்போது கருவி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். சென்சார் கொஞ்சம் தப்பு என்று நினைத்து நிரலில் ஒரு திருத்த எண்ணைப் போட்டு மறைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அந்தத் திருத்தம் ஒரு வெப்பநிலையில் மட்டும்தான் பொருந்தும். இன்னொரு விஷயம், தெர்மிஸ்டர் நன்றாகச் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் குறைந்து கம்பி கீழே இறங்கும், அப்போது சுவிட்ச் இயங்கி யூஎஸ்பி சாக்கெட்டுக்கு 5 வோல்ட் போகும், பச்சை எல்ஈடி தானாக எரியும். காரணம் தெரியாமல் ஒரு விளக்கு எரிகிறது என்றால், அந்த விளக்கிலிருந்து ஸ்கீமாட்டிக்கில் பின்னோக்கி நடந்து வாருங்கள். நம் பின்னில்தான் வந்து நிற்கும்.

PC1-இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, தெர்மிஸ்டரை அங்கே வைத்தோம். அடுத்த சேனல்தான், நிரலில் ஒரு எண் மாற்றம். PC3-ஐத் தொடவில்லை, அது மைக்கின் வெளியீடு.

DS3231-க்கு I2C1 வேண்டும். PB6, PB9 இரண்டும் ஆடியோ சிப்பின் கட்டுப்பாட்டுக் கம்பிகள். இதைப் பார்த்ததும் வேறு பின் தேடத் தோன்றும், ஆனால் I2C பகிர்ந்துகொள்ளவே செய்யப்பட்ட பஸ். முகவரி மோதாவிட்டால் போதும். CS43L22-இன் முகவரி 0x4A, DS3231-இன் முகவரி 0x68, அதோடு அந்த மாட்யூலில் கூடவே வரும் நினைவகச் சிப் பெரும்பாலும் 0x57. மோதல் இல்லை. கம்பிகளில் புல்-அப்பும் ஏற்கெனவே இருக்கிறது, நாம் தனியாகப் போட வேண்டியதில்லை. இங்கே பயன்பாட்டில் இருக்கும் பின்தான் காலிப் பின்னைவிட வசதி. LM75 போன்ற சென்சாரை இதே பஸ்ஸில் போடுபவர்கள் மட்டும் அதன் முகவரிப் பின்களைக் கவனிக்க வேண்டும், அது 0x4A-க்கும் அமைக்கக்கூடியது.

எஸ்டி கார்டுக்கு SPI. எல்லாரும் முதலில் போகும் SPI1, அதாவது PA5, PA6, PA7, இந்தப் போர்டில் ஆக்சிலரோமீட்டருடையது. அதன் சிப் செலக்ட் PE3. SPI-உம் பகிரக்கூடிய பஸ்தானே என்று கேட்கலாம். பகிரலாம், PE3-ஐ மேலே பிடித்து வைத்தால் அது PA6-இல் பதில் சொல்லாது. ஆனால் இந்தச் சென்சாரில் சிப் செலக்ட் மேலே போனால் அது தூங்குவதில்லை, I2C முறைக்கு மாறி அதே PA5, PA7 கம்பிகளைக் கடிகாரமாகவும் தரவாகவும் கேட்க ஆரம்பிக்கும். நம் எஸ்டி கார்டு பேச்சில் தற்செயலாக அதன் முகவரி போல ஒரு வரிசை வந்தால் பதில் சொல்ல PA7-ஐ ஒரு கணம் கீழே இழுக்கக்கூடும். எப்போதாவது ஒரு பைட் கெடும் வகைப் பிழை இது, கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். SPI2-க்கு PB13, PB14, PB15 மூன்றும் வரிசையாக, யாரும் இல்லாமல், ஹெடரில் கிடக்கும்போது அந்த வம்பு எதற்கு? SPI1-தான் வேண்டும் என்ற கட்டாயம் இருப்பவர்கள் PE3-ஐ நிரலின் தொடக்கத்திலேயே மேலே பிடியுங்கள், மிதக்க விடாதீர்கள். PE3, PD4 இரண்டையும் வெளியீடாக அமைத்த பிறகு எங்கள் நிரலில் இப்படி இரண்டு வரி இருக்கிறது, ஒலியும் ஆக்சிலரோமீட்டரும் வேண்டாம் என்பவர்களுக்கு உதவும்:

```c
HAL_GPIO_WritePin(GPIOE, GPIO_PIN_3, GPIO_PIN_SET);
HAL_GPIO_WritePin(GPIOD, GPIO_PIN_4, GPIO_PIN_RESET);
```

ஸ்கீமாட்டிக்கில் சில உறுப்புகளுக்குப் பக்கத்தில் பொருத்தப்படவில்லை என்ற குறிப்பு இருக்கும், சோல்டர் பிரிட்ஜ்களில் எது மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று கையேட்டில் தனி அட்டவணை இருக்கும். PC14, PC15 இரண்டிலும் 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வரைந்திருக்கிறது, ஆனால் போர்டில் அந்தக் கிரிஸ்டல் இல்லை, வெறும் இடம்தான். தாளில் கோடு இருப்பதால் பொருள் இருக்கிறது என்று ஆகாது. ஆனால் அந்த இரண்டோடு PC13-ஐயும் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும், இந்த மூன்றும் சிப்புக்குள்ளேயே பலவீனமானவை, 3 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது, வேகமும் 2 மெகாஹெர்ட்ஸ் வரைதான், எல்ஈடி எரிய வைக்கும் அளவுக்கு நம்பாதீர்கள். இது ஸ்கீமாட்டிக்கில் இருக்காது, டேட்டாஷீட்டின் அடிக்குறிப்பில் இருக்கும்.

இவ்வளவும் தாளில். கம்பி செருகுவதற்கு முன்னால் ஒரு 100K ரெசிஸ்டரும் மல்டிமீட்டரும் எடுத்துச் சரிபார்ப்பேன். போர்டுக்குப் பவர் கொடுத்து, ரீசெட் பின்னை ஒரு ஜம்பர் கம்பியால் தரையில் பிடித்து வைத்தால் மைக்ரோகண்ட்ரோலரின் பின்கள் எல்லாம் ஏறக்குறைய மிதக்கும் நிலைக்குப் போய்விடும், நிரல் குறுக்கே வராது. பிறகு சந்தேகப்படும் பின்னை 100K வழியாக 3 வோல்ட்டுக்கு இழுத்து அளக்கிறேன், அடுத்து அதே ரெசிஸ்டரால் தரைக்கு இழுத்து அளக்கிறேன். உண்மையிலேயே காலியான பின் என்றால் முதல் தடவை 3 வோல்ட்டை ஒட்டியும் இரண்டாம் தடவை பூஜ்யத்தை ஒட்டியும் வரும், PD8 அப்படித்தான் வந்தது. 10K புல்-அப் உள்ள பின் என்றால் தரைக்கு இழுத்தாலும் சுமார் 2.7 வோல்ட்டிலேயே நிற்கும். எல்ஈடி தொங்கும் PD12 முதல் PD15 வரை, மேலே இழுக்கும்போது எல்ஈடியின் நிறத்தைப் பொறுத்து நடுவில் எங்கோ நின்றுவிடும், 3 வோல்ட்டைத் தொடாது. PA9-இல் எண் உடனே நிற்காமல் மெல்ல நகரும், கெபாசிட்டர் நிரம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்தச் சோதனையில் ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். PA13, PA14, PA15, PB4 ஆகியவற்றில் ரீசெட்டின்போது சிப் தானே உள்ளே ஒரு புல்-அப்போ புல்-டவுனோ போட்டுக்கொள்ளும், டிபக்கருக்காக. PA15-ஐத் தரைக்கு இழுத்தால் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும், வெளியே யாரோ இருப்பது போலத் தோன்றும். யாரும் இல்லை. PA13, PA14 இரண்டும் நிரல் ஏற்றும் வழி, அவற்றை எக்காரணம் கொண்டும் வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். PA15, PB4 இரண்டையும் நிரல் தொடங்கிய பிறகு மறு அமைப்பு செய்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நிரல் தொடங்கும் வரையிலான அந்தச் சிறு நேரம் அவை மேலே நிற்கும் என்பதை மனதில் வையுங்கள். அங்கே ரிலேயின் டிரைவரை இணைத்தால் பவர் போடும்போதெல்லாம் ரிலே ஒரு தடவை சொடுக்கும். எங்கள் வண்டிக் கருவியில் எச்சரிக்கை பஸ்ஸருக்கு PE7-ஐ எடுத்து, அதற்கும் வெளியே ஒரு புல்-டவுன் போட்டோம், ரீசெட்டில் பின் மிதக்கும்போது பஸ்ஸர் கிறீச்சிடாமல் இருக்க.